பழைய தோழிக்கு ஓர் அட்டை: உள்ளே எழுதும் கவிதையை எப்படி எழுதுவது?

குமரி மாவட்டம் தக்கலையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பது என் வேலை. திருமண அழைப்பிதழ், புதுமனை புகுவிழா அட்டை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நாலு வரி எழுதித் தரச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். நான் எழுதித் தருவதில்லை, பக்கத்தில் உட்கார வைத்து அவர்களையே எழுத வைப்பேன். சென்ற ஆண்டு குலசேகரத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒன்பதாம் வகுப்பு வரை உயிருக்குயிராக இருந்த தோழிக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும், உள்ளே கவிதை வேண்டும் என்றார். இருவரும் பேசி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோழி இப்போது கோயம்புத்தூரில் ஆசிரியையாக இருக்கிறார்.

அவர் எழுதிய கவிதை எப்படி உருவானது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். இதுவரை கவிதையே எழுதாதவர்களும் இந்த வழியில் போகலாம். விலகிப்போன நட்புக்கு எழுதுவது பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது போன்றதல்ல என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் அட்டையில் பொதுவான வரி இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இந்த அட்டையில் பொதுவான வரி இருந்தால், "இத்தனை வருஷம் கழித்து அனுப்புகிறவள் இதையா எழுதுவாள்?" என்று தோன்றிவிடும்.

முதலில் அட்டையை அளந்துகொள்ளுங்கள்

கவிதையை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ற அட்டை தேடுகிறவர்கள்தான் அதிகம். இது தலைகீழான வேலை. கடையில் கிடைக்கும் சாதாரண மடிப்பு அட்டை, ஏ5 தாளை நடுவில் மடித்தது. மடித்த பிறகு ஒரு பக்கம் 105 மில்லிமீட்டர் அகலம், 148 மில்லிமீட்டர் உயரம். இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எழுத மிஞ்சுவது எட்டு சென்டிமீட்டர் அகலம்தான்.

எட்டு சென்டிமீட்டரில் ஆங்கிலம் எழுதுகிறவர் நிறைய எழுதலாம். நம் எழுத்து இடம் கேட்கும். 'தோ', 'கொ', 'போ' போன்றவை ஒரே எழுத்து என்று பெயர், ஆனால் காகிதத்தில் மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கையால் எழுதும்போது ஒரு வரிக்குப் பதினான்கு எழுத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லை. அதாவது இரண்டு அல்லது மூன்று சீர். நான்கு சீர் கொண்ட நீண்ட அடியை எழுதினால் கடைசிச் சொல் மடங்கி அடுத்த வரிக்குப் போகும். அந்த ஒற்றைச் சொல் அங்கே அநாதையாக நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

வரிக்கு வரி எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி கொள்ளும். பதினைந்தையும் நிரப்ப வேண்டியதில்லை. உள்ளே இரண்டு பக்கம் இருக்கின்றன என்பதையும், நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மடிப்பு பின்னால் நமக்குப் பயன்படும்.

கவிதையாக யோசிக்காமல் குறிப்பு எடுங்கள்

குலசேகரத்துப் பெண் வரும்போதே ஒரு கவிதையோடுதான் வந்தார். அது இது:

அன்பின் உருவமே, அழகிய நட்பே!
காலம் நம்மைப் பிரித்தாலும்
இதயங்கள் பிரிவதில்லை.
நினைவுகள் என்றும் அழிவதில்லை.
எங்கிருந்தாலும் நீ வாழ்க!

படித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் அன்று காலை மெய்ப்புக்கு வந்திருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அதிலும் காலம் பிரித்திருந்தது, நினைவுகள் அழியாமல் இருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நட்பு அட்டைகளுக்கென்று நாம் வழக்கமாக எடுக்கும் சொற்களில் பாதி, இறந்தவர்களுக்கு எழுதும் சொற்கள். உயிரோடு கோயம்புத்தூரில் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருக்கும் ஒருத்திக்கு அவை எதற்கு? கடைசியில் இருக்கும் 'எங்கிருந்தாலும் வாழ்க' என்பது இன்னும் மோசம். வாழ்த்துவது போல வாழ்த்திக் கதவைச் சாத்துகிற வரி அது.

அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அரை மணி நேரம் உரைநடையாகக் குறிப்பு எழுதச் சொன்னேன். நிபந்தனை ஒன்றுதான்: அன்பு, பாசம், நினைவு, இதயம் என்ற சொற்கள் வரக் கூடாது. கையால் தொடக்கூடியதும், காதால் கேட்கக்கூடியதும், மூக்கில் ஏறியதும் மட்டும் வரலாம். அவர் எழுதியவற்றில் சில:

வீட்டிலிருந்து பள்ளிக்கு ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து போவது. ஆடி, ஆவணியில் வெயில் அடித்தால் மரத்தில் ரப்பர் காய் 'டப்' என்று வெடிக்கும் சத்தம். விழுந்த கொட்டையைச் சிமெண்ட் திண்ணையில் உரசிச் சூடாக்கி ஒருத்தி கையில் ஒருத்தி வைப்பது. கம்பி உடைந்த ஒரே குடையில் இருவரும் போனது. திருவிழாக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிப் பங்கு போட்டதில் வந்த சண்டை. எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தோழி இவரைப் பார்த்து எழுதியது. தோழியின் குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகு வந்த இரண்டு கடிதங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் போட்டது. இரண்டாவதற்குப் போடாதது.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது அவர் பேனாவை நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். கவிதையின் திருப்பம் எங்கே வரப்போகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குறிப்பு எழுதும்போது எந்த இடத்தில் உங்கள் கை நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் குறிப்பையும் கவிதைக்குள் திணித்தால் அது பட்டியலாகிவிடும். படிக்கிறவருக்கு எதன் மேலும் நிற்க நேரம் இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி: இந்த வரியை வேறொரு தோழிக்கும் அனுப்ப முடியுமா? ஒரே குடையில் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் யாருக்கும் எழுதலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற ஊரில் குடைக்கதை இல்லாத பிள்ளை கிடையாது. குடை போகட்டும். சூடு வைத்தது இவர்களுடையது. மற்ற பிள்ளைகளும் அந்த விளையாட்டை விளையாடியிருப்பார்கள். ஆனால் தோழிதான் எப்போதும் சத்தம் கேட்ட பக்கம் முதலில் ஓடுவாள் என்பதும், இவர் சூடு படும் முன்னே அலறுவார் என்பதும் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்டை என்பது கடிதம் அல்ல. வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் திறந்து வைக்கப்படும். கணவர் படிப்பார், மாமியார் படிப்பார், பிள்ளைகள் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் முன்னால் தோழிக்குச் சங்கடம் தரும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கணக்குத் தேர்வில் பார்த்து எழுதிய கதை நல்ல கதைதான். ஆனால் ஓர் ஆசிரியையின் வீட்டு அலமாரியில் அது இருக்க முடியாது. பழைய காதல், வீட்டில் பட்ட அடி, அப்பாவின் கடன் இவையும் அப்படித்தான்.

ஊர்ப் பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்துக்காரர் என்றாலே சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாவற்றையும் அட்டையில் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். சுற்றுலாத் துறை ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. முட்டம் பக்கத்து ஒருவர் தன் சிறுவயது நண்பருக்கு எழுத வந்தபோது முட்டத்துப் பாறைகளைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தார். பாறையில் என்ன நடந்தது என்று கேட்டேன். குளிக்கப் போனபோது கழற்றி வைத்த ஒரு ஜோடி செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோய்விட்டதாம். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுடுமணலில் வீடு வந்து சேர்ந்தார்களாம். ஆறு வரியில் அந்தச் செருப்பு இல்லவே இல்லை!

விலகலை எப்படிச் சொல்வது

கவிதை தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சொல்லாமல் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல நடிப்பதாகத் தெரியும். அதிகம் சொன்னால் வழக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி போதும்.

அந்த வரியின் எழுவாய் யார் என்பதைப் பாருங்கள். 'நீ மறந்துவிட்டாய்' என்றால் குற்றச்சாட்டு. 'காலம் பிரித்தது', 'வாழ்க்கை இழுத்துச் சென்றது' என்றால் யாருமே பொறுப்பில்லை என்று நழுவுவது. 'நான்' என்று தொடங்கி, நடந்த ஒரு செயலைச் சொன்னால் வரி தன் காலில் நிற்கும். குலசேகரத்துப் பெண்ணிடம் அந்தச் செயல் தயாராக இருந்தது: இரண்டாவது கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று விளக்க ஆரம்பித்தார். காரணம் வேண்டாம் என்றேன். காரணம் எழுதினால் மன்னிப்பு கேட்பது பேரம் பேசுவது போல ஆகிவிடும். நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

'இருபத்திரண்டு ஆண்டுகள்' என்ற எண்ணையும் எடுத்துவிட்டோம். எண் வந்தால் படிப்பவர் கணக்குப் போடத் தொடங்குவார், அதில் தன் பங்கு எவ்வளவு என்று யோசிப்பார்.

தமிழில் உள்ள ஒரு கண்ணியையும் இங்கே சொல்ல வேண்டும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது 'நாம்', விலக்கிச் சொல்வது 'நாங்கள்'. பேச்சில் இந்த வேறுபாட்டைப் பிழையின்றிக் காப்பாற்றுகிறோம். எழுத உட்கார்ந்ததும் ஏனோ 'நாங்கள்' வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் ஒரு வரைவில் 'நாங்கள் நடந்த பாதை' என்று இருந்தது. தோழிக்கு எழுதும் கவிதையில் அந்தச் சொல் தோழியையே வெளியே தள்ளிவிடுகிறது. அவள் படித்தால், இவள் வேறு யாருடனோ நடந்த பாதையைச் சொல்கிறாள் போலிருக்கும்.

'நீ' என்று எழுதலாமா, 'நீங்கள்' என்று எழுத வேண்டுமா என்றும் கேட்டார். அன்று எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள். அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் தோழிகள் 'ஏட்டி' என்று கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளைகளுக்கு 'மக்கா' இருக்கிறது, 'எலே' இருக்கிறது. முதல் வரியில் அந்த ஒற்றைச் சொல் போதும், கையெழுத்தைப் பார்க்கும் முன்பே யாருடைய குரல் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கவிதை முழுவதையும் பேச்சு வழக்கில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நம் பேச்சை எழுத்தில் கொண்டுவரும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவோம், படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்குவார்.

உவமையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

ரப்பர் காய்க்குள் மூன்று அறைகள் உண்டு, அறைக்கு ஒரு கொட்டை. முற்றிக் காய்ந்ததும் ஓடு வெடித்துக் கொட்டைகளை ஆளுக்கொரு திசையில் வெகுதூரம் எறிந்துவிடும். இது தெரிந்தவர் யாருக்கும் உடனே என்ன தோன்றும்? இரண்டாவது வரைவில் அவருக்கும் தோன்றியது:

ஒரே காயில் பிறந்த கொட்டைகள் போல
வெடித்துச் சிதறினோம்
வேறு வேறு திசைகளில்.

ஒப்புக்கொள்கிறேன், இரண்டு நாள் எனக்கும் இது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் படித்தபோது யாரோ பக்கத்தில் நின்று கையைப் பிடித்து விளக்குவது போலிருந்தது. தோழியும் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள்தானே. காய் வெடிப்பதைச் சொன்னாலே கொட்டை சிதறுவது அவளுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் அவளே கண்டுபிடிப்பாள். அவள் கண்டுபிடிக்க ஒன்றாவது அட்டையில் இருக்க வேண்டும். 'போல' என்ற சொல்லை அடித்தோம், அதோடு மூன்று வரியும் போயின.

ஓசை

தமிழில் கவிதை என்றால் வரிகள் ஒரே மாதிரி முடிய வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. 'வந்தாய், தந்தாய், சென்றாய், நின்றாய்' என்று எழுதிக்கொண்டே போகலாம். இந்த இயைபு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது, வினைமுற்று விகுதி அதைத் தானே கொண்டுவந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பதால்தான் நாலு வரிக்குள் சலித்தும் போகிறது. இரண்டு இடத்தில் தற்செயலாக வந்தால் விட்டுவிடுங்கள். ஐந்தாவது இடத்தில் வந்தால் வரியை மாற்றுங்கள்.

சிறிய அட்டைக் கவிதைக்கு உதவுவது மோனை. சொல்லின் முதலெழுத்துகள் ஒத்துப்போவது மோனை. அதே எழுத்தாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அகரத்துக்கு ஆகாரம் பொருந்தும், 'ம'வுக்கு 'வ' பொருந்தும், 'ச'வுக்குத் 'த' பொருந்தும். கவிதை முழுவதும் தேட வேண்டாம். தொடக்கத்தில் ஓரிடம், முடிவில் ஓரிடம் இருந்தால் இடையில் உள்ள வரிகள் அந்த ஓசையில் தொங்கிக்கொள்ளும். மோனைக்காகப் பொய் சொல்லும் நிலை வந்தால் மோனையை விட்டுவிடுங்கள். தோழியை 'ஓடையில் ஓடினாய்' என்று எழுதினால் அவளுக்குத் தெரியும், அந்த வழியில் ஓடை கிடையாது.

முடிந்த வடிவம்

மூன்றாவது வரைவைச் செதுக்கியதில் வந்தது இது. இடப் பக்கத்தில் இந்தப் பகுதி:

ஏட்டி,
வெயில் ஏறினால் தோட்டத்தில்
ரப்பர் காய் வெடிக்கும்.
சத்தம் வந்த பக்கம்
நீ முதலில் ஓடுவாய்.

திண்ணையில் உரசிய கொட்டையை
என் கையில் வைப்பாய்.
சுட்டதைவிட நான் போட்ட
சத்தம்தான் பெரிது.

வலப் பக்கத்தில் இது:

உன் இரண்டாம் கடிதத்துக்கு
நான் பதில் எழுதவில்லை.
இதோ எழுதுகிறேன்.

காய் இன்றும் வெடிக்கிறது.
சத்தம் வந்ததும்
நீ ஓடும் பக்கம் பார்க்கிறேன்.

மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். சிரிப்பு ஒரு பக்கம், எழுதாத கடிதம் மறுபக்கம். இடையில் 'ஆண்டுகள் ஓடின' என்று ஒரு வரி தேவைப்படவில்லை, கண் மடிப்பைத் தாண்டும்போதே அது நடந்துவிடுகிறது. 'வெயில்', 'வெடிக்கும்' தொடக்கத்து மோனை. 'பக்கம்', 'பார்க்கிறேன்' முடிவில். 'சத்தம்' மூன்று முறை வருகிறது: முதலில் காயின் சத்தம், பிறகு இவருடைய அலறல், கடைசியில் மறுபடியும் காய். முதலில் இரண்டாவது இடத்தில் 'கூச்சல்' என்று இருந்தது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்கிறோமே என்று அவர் தயங்கினார். இங்கே திரும்பி வருவதுதான் வேலை செய்கிறது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

கடைசி வரியில் 'நீ ஓடிய பக்கம்' என்றுதான் முதலில் எழுதினார். ஓர் எழுத்து மாற்றம் போலத் தெரியும். 'ஓடிய' என்றதும் கதை முடிந்துபோகிறது, மறுபடியும் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 'ஓடும்' என்றால் அவள் இன்னும் ஓடக்கூடியவள். விலகிப்போனவருக்கு எழுதும்போது கடைசி வினை இறந்தகாலத்தில் நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

வேண்டுகோளைக் கவிதைக்குள் வைக்கவில்லை. 'என்னைக் காண வருவாயா' என்று கவிதையிலேயே கேட்டால், பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கடினமாகிவிடும். கவிதைக்குக் கீழே, இரண்டு விரல் இடம் விட்டு, சிறிய எழுத்தில் உரைநடையாக எழுதினார்: 'ஊர்ப் பக்கம் வரும்போது சொல். பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.' அதற்கடுத்து அலைபேசி எண். அவ்வளவுதான்.

எழுதுவதும் அனுப்புவதும்

அட்டையில் நேரடியாக எழுதத் தொடங்க வேண்டாம். அதே அளவுள்ள வெறும் தாளில் ஒரு முறை எழுதிப் பார்த்து, எந்த வரி முட்டுகிறது என்று கண்டுகொள்ளுங்கள். பளபளப்பான பூச்சு உள்ள அட்டையில் ஜெல் பேனா மை உடனே காயாது, கைபட்டால் இழுத்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் இன்னும் நேரமாகும். பூச்சு இல்லாத, கொஞ்சம் சொரசொரப்பான அட்டை வாங்குங்கள். அட்டையின் பின்புற மூலையில் ஒரு சிறு கோடு போட்டு, பத்து நொடி கழித்து விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு அதன்மேல் எழுதி, அரை நாள் கழித்து அழிப்பானால் துடைக்கலாம்.

மெய்ப்புக்காரன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி அட்டைகளில் அடிக்கடி பிழையாகும் சொற்கள் மிகச் சில, ஆனால் அவைதான் கவிதையின் நடுநாயகமாக இருக்கும். 'மறந்தேன்' வல்லின றகரம். 'மரந்தேன்' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'பிரிந்து' இடையின ரகரம். 'சிரித்தோம்' அப்படியே. 'நினைவு' என்பதில் முதலிலும் நடுவிலும் ணகரத்துக்கு வேலை இல்லை. மற்ற இடங்களில் ஒற்று விட்டுப்போனால் தோழி மன்னிப்பாள். 'மரந்தேன்' என்றால் சிரிப்பாள், அந்த வரியில் சிரிக்கக் கூடாது.

உறைக்குள் ஒரு ரப்பர் கொட்டையையும் போடலாமா என்று அவர் கேட்டார். ஆசை புரிகிறது. ஆனால் அது எண்ணெய் நிறைந்த விதை. நசுங்கினால் அட்டையில் கறை பிடிக்கும், உறை புடைத்துக்கொண்டு வழியில் கிழியவும் வாய்ப்புண்டு. கெட்டியான ஏ5 அட்டையும் உறையும் சேர்ந்து பதின்மூன்று, பதினான்கு கிராம்தான் இருக்கும். சாதாரணத் தபாலின் முதல் எடை வரம்பான 20 கிராமுக்குள் அது வசதியாக அடங்கும். கொட்டையைப் போட்டால் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பார்க்கும்போது கையில் கொடுங்கள் என்றேன். உரசாமல் கொடுங்கள் என்றும் சொன்னேன்.

முகவரி பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். தோழியின் அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்பதுதான் நம் ஊர் வழி. கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழ் அனுப்பவோ என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். உறையின் பின்புறம் உங்கள் முழு முகவரியை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள். அது இருந்தால்தான் சேராத உறை உங்களிடம் திரும்பி வரும். அட்டையை உறையோடு ஒட்டிவிடாதீர்கள். திரும்பி வந்தால் புது முகவரி கேட்டு உறையை மட்டும் மாற்றுங்கள், உள்ளே இருப்பது அப்படியே இருக்கட்டும்.